களிம்பு தடவியும் ஆறாத புண்: ஒரு வண்டிக் குதிரையின் முதுகு சொன்ன கதை

செட்டிநாட்டுப் பக்கம் குதிரைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால், பெரும்பாலும் எல்லாம் மண் குதிரைகள். நமணசமுத்திரம் அய்யனார் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். புரவி எடுப்பில் நேர்ந்துவிட்ட குதிரைகள் வரிசை வரிசையாக நிற்கும். கழுத்தில் மணி, மார்பில் பட்டை, முதுகில் சேணம் என எல்லாவற்றையும் வேளார் கைகள் மண்ணிலேயே செய்து வைத்திருக்கும். வெயிலிலும் மழையிலும் நின்றாலும் அந்தச் சேணம் அந்தக் குதிரையை உறுத்துவதில்லை.

உயிருள்ள குதிரைக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

வைகாசி கடைசியில் கானாடுகாத்தான் அருகே ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டுக்காரர் ஒரு மட்டக் குதிரையும் இரண்டு சக்கர வண்டியும் வைத்திருக்கிறார். கல்யாண வீடுகளில் மாப்பிள்ளை அழைப்பு, காதுகுத்து, திருவிழா நாளில் பிள்ளைகளை ஏற்றி ஒரு சுற்று, இதுதான் பிழைப்பு. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். குதிரையை அவர் கூப்பிடுவது 'தம்பி' என்று. என்னையும் 'தம்பி' என்றுதான் கூப்பிட்டார். முதல் அரை மணி நேரம் அவர் கூப்பிடும்போதெல்லாம் நானும் குதிரையும் சேர்ந்தே திரும்பிப் பார்த்தோம்.

தம்பிக்கு முதுகில் ஒரு புண். பிடரி முடி முடியும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், நடுமுதுகிலிருந்து கொஞ்சம் இடது பக்கமாக, ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தது. ஒரு மாதமாகக் களிம்பு தடவுகிறார். ஞாயிறு, திங்களில் ஆறுவது போலத் தெரியும். முகூர்த்த நாளில் வண்டி பூட்டினால் மறுபடி சிவந்துவிடும்.

"ஆடி பொறந்தா எப்படியும் கல்யாணம் இருக்காது தம்பி. அப்ப ஓய்வு குடுத்துக்கலாம்னு பார்த்தேன்" என்றார்.

அன்று ஊருக்குள் வந்திருந்த கால்நடை மருத்துவரும் எங்களுடன் இருந்தார். "ஆடிக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்குண்ணே. அதுக்குள்ள இது தோலைத் தாண்டிச் சதைக்குப் போயிரும். அங்கேருந்து எலும்பு ரொம்பத் தூரம் இல்ல" என்றார் அவர். அதோடு, நான் எதிர்பார்க்காத ஒன்றையும் செய்யச் சொன்னார்: "புண்ணை அப்புறம் பார்ப்போம். முதல்ல வண்டியைப் பூட்டுங்க. வெறும் வண்டி போதும். புண்ணு மேல மட்டும் எதுவும் படாம பிடிச்சுக்குங்க, ரெண்டு நிமிஷந்தான்."

அந்த இரண்டு நிமிடத்தில் தொடங்கியது அந்தக் காலை முழுக்க நீண்டது. அன்று நான் கற்றுக்கொண்டதுதான் இந்த வாரப் பகுதி. வீட்டில் குதிரையோ கழுதையோ வைத்திருப்பவர்களுக்கு நேரடியாக உதவும். இல்லாதவர்களும் அடுத்த முறை ஒரு குதிரை வண்டியில் ஏறும் முன் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம்.

புண் இருக்கும் இடமே காரணத்தைச் சொல்லும்

வண்டிக் குதிரையின் உடம்பில் புண் எங்கு வேண்டுமானாலும் வருவதில்லை. பட்டையோ, கயிறோ, திண்டோ படும் இடத்தில்தான் வருகிறது. அதனால் மருத்துவர் புண்ணைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி "என்ன மருந்து?" என்பதல்ல, "இந்த இடத்தில் எது படுகிறது?" என்பதுதான்.

வாயோரம் கிழிந்திருந்தால் கடிவாளம் இறுக்கம், அல்லது ஓட்டுபவர் கை இறுக்கம். மார்பில் புண் என்றால், வண்டியை இழுக்கும் மார்புப்பட்டை மிகக் கீழே இறங்கித் தோள் மூட்டில் உரசுகிறது, அல்லது பட்டை குறுகலாக இருக்கிறது. அதே பட்டை மேலே ஏறிவிட்டால் மூச்சுக்குழாயை அழுத்தும், குதிரை இழுக்கும்போது இரைக்கும். தோள் மூட்டுக்கு மேலே, மூச்சுக்குழாய்க்குக் கீழே, இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் அதன் இடம். முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால் புண் என்றால் வயிற்றுப்பட்டை முன்னால் நகர்ந்து மடிப்பில் அறுக்கிறது. முழங்கைக்கும் பட்டைக்கும் நடுவில் ஓர் உள்ளங்கை அகலம் இடைவெளி வேண்டும். வால் அடியில் புண் என்றால் வால்பட்டை இறுக்கம்.

தம்பியின் புண் முதுகில், சேணத்தின் திண்டு உட்காரும் இடத்தில் இருந்தது. இரண்டு சக்கர வண்டியில் பக்கக் கம்புகளின் கனத்தைத் தாங்குவது இந்தத் திண்டுதான். நடுவில் ஒரு பள்ளமும் இரு பக்கமும் பஞ்சு அடைத்த இரண்டு மெத்தைகளும் இருக்க வேண்டும். முதுகெலும்பு அந்தப் பள்ளத்துக்குக் கீழே எதிலும் படாமல் போகும். கனம் முழுக்க இரு பக்கச் சதைமேல் இறங்கும்.

மருத்துவர் குதிரைக்குப் பின்னால் நின்று குனிந்து, திண்டின் பள்ளம் வழியாக முன்பக்கம் பார்த்தார். "தம்பி, நீங்க வந்து பாருங்க. வெளிச்சம் தெரியுதா?"

தெரியவில்லை. பள்ளமே இல்லை. ஆறு வருடத்துத் திண்டு. உள்ளே இருந்த பஞ்சு வியர்வையில் ஊறி, காய்ந்து, கட்டிதட்டிப் போயிருந்தது. மெத்தை தட்டையாகி, நடுத்தோல் நேராக முதுகெலும்பின்மேல் உட்கார்ந்திருந்தது. குதிரைக்குச் சேணம் சரியா என்று பார்க்க முதலில் செய்ய வேண்டிய சோதனை இது. வண்டி பூட்டிய பிறகு பின்னாலிருந்து பார்த்தால் பள்ளத்தின் வழியே மறுபக்க வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், இன்று புண் இல்லை என்றாலும் நாளை வரும்.

வண்டி முன்னால் சாய்ந்தால் முதுகு தாங்கும்

திண்டு மட்டும்தான் காரணமா என்றால், இல்லை. மருத்துவர் குதிரையை அவிழ்த்துவிட்டு, வழக்கமாக ஏறுகிற மாதிரி மூன்று பேரை வண்டியில் உட்காரச் சொன்னார். சமதரையில் பக்கக் கம்புகளின் முனையைப் பிடித்து அவரே தூக்கினார். பிறகு என்னைத் தூக்கச் சொன்னார். ஒரு அரிசி மூட்டையைத் தூக்குவது போல இருந்தது.

"இதைத்தான் அது முதுகுல வாங்கிட்டு ஓடுது" என்றார்.

இரண்டு சக்கர வண்டி ஒரு தராசு மாதிரி. அச்சுதான் நடுமுள். பாரம் அச்சுக்கு நேர்மேலே இருந்தால் கனத்தைச் சக்கரம் தாங்கும், குதிரைக்கு இழுக்கும் வேலை மட்டும்தான். பாரம் முன்னால் நகர்ந்தால் கனம் குதிரை முதுகில் இறங்கும். பின்னால் நகர்ந்தால் கம்புகள் மேலே எழும்பி வயிற்றுப்பட்டை அடியிலிருந்து அறுக்கும். ஆட்கள் ஏறிய நிலையிலும் கம்பின் முனையை ஒரு கையால் லேசாகத் தூக்க முடிகிற அளவுக்கு, முன்பக்கம் கொஞ்சமே கொஞ்சம் கனம் இருந்தால் போதும்.

இந்த வண்டியில் என்ன நடந்தது? போன தை மாதம் மாப்பிள்ளைக்குக் குடை பிடிப்பவர் பின்னால் நிற்க இடம் வேண்டும் என்று இருக்கைப் பலகையை முன்னால் நகர்த்தி அடித்திருக்கிறார். ஒரு முழம்கூட இல்லை. ஆனால், ஆள் உட்காரும் கனம் முழுக்க அச்சைத் தாண்டி முன்னால் போய்விட்டது. அந்தப் பலகையைப் பழைய இடத்தில் அடிக்க அன்று ஆன செலவு நான்கு ஆணிகள்.

திண்டு ஏன் திடீரென்று பொருந்தாமல் போனது?

"ஆறு வருஷமா இதே திண்டுதானே? அப்பெல்லாம் புண்ணு வரலையே" என்றார் வீட்டுக்காரர். நியாயமான கேள்வி.

மருத்துவர் குதிரையின் விலாவில் கையை வைத்து அழுத்தாமல் தடவினார். எலும்புகள் ஒவ்வொன்றாகக் கைக்குத் தட்டுப்பட்டன. விலா எலும்பு கைக்குத் தெரியலாம், கண்ணுக்குத் தெரியக் கூடாது என்பது ஒரு நல்ல அளவுகோல். இங்கே கண்ணுக்கே தெரிந்தது. முதுகெலும்பின் இரு பக்கமும் சதை வற்றி, நடுவில் எலும்பு கூரை மாதிரி துருத்தி நின்றது. குதிரை இளைத்தால் சட்டை தொளதொளப்பது போலச் சேணமும் தொளதொளக்கும். சதை இருந்தபோது பள்ளமில்லாத திண்டும் எப்படியோ தாங்கியது. சதை போனதும் எலும்புக்கும் தோலுக்கும் நடுவில் எதுவும் இல்லை.

ஏன் இளைத்தது? தீனி போடாமலா? "தினம் ரெண்டு கிலோ கொள்ளு வைக்கிறேன் தம்பி" என்றார் அவர், கொஞ்சம் வருத்தத்தோடு.

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று குதிரையைச் சொல்வோம். கொள்ளு நல்ல தீனிதான். ஆனால், அது குதிரைக்குச் சோறு இல்லை, கூட்டு மாதிரி. சோறு என்பது புல். குதிரையின் இரைப்பை உடம்பு அளவுக்குச் சின்னது. அதன் உடலமைப்பே நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக நார்த் தீனி மேய்வதற்கானது. நார் செரிப்பது பின்னால் இருக்கும் பெருங்குடலில். அங்கே வாழும் நுண்ணுயிர்கள்தான் புல்லைச் சத்தாக மாற்றுகின்றன. காலையில் ஒரே தடவையாக இரண்டு கிலோ கொள்ளு வைத்து, மாலையில் ஒரு கட்டு வைக்கோலைப் போட்டால், வயிறு நிறையும். உடம்பு தேறாது.

அப்படியானால் எவ்வளவு? அதற்குக் குதிரையின் எடை தெரிய வேண்டும். எடைமேடைக்குப் போக வேண்டியதில்லை, தையல்காரர் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றிய அளவையும், தோள் முனையிலிருந்து பிட்டத்து முனைவரை நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுத்தோம். தம்பிக்குச் சுற்றளவு 140, நீளம் 125. சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். கைபேசியில் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய 206 கிலோ. இது தோராயம்தான். ஆனால், மாதம் ஒரு தடவை எடுத்துக் குறித்துவைத்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துவிடும்.

குதிரைக்கு ஒரு நாளைக்கு அதன் எடையில் நூற்றுக்கு 2 பங்கு அளவு காய்ந்த தீனி வேண்டும் என்பது பொதுக் கணக்கு. தம்பிக்கு அது சுமார் 4 கிலோ. பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால், பச்சையாகப் போட்டால் 16 கிலோவாவது ஆகும். மருத்துவர் சொன்ன ஏற்பாடு இது: அருகம்புல்லும் வரப்புப் புல்லுமாக 8 கிலோ. அதோடு பூஞ்சை பிடிக்காத, நன்றாகக் காய்ந்த கடலைக் கொடி 2 கிலோ. இரண்டையும் ஒரேயடியாகப் போடாமல் காலை, மதியம், மாலை, இரவு என்று பிரித்துப் போட வேண்டும். கொள்ளு ஒரு நாளைக்கு முக்கால் கிலோ, ஊறவைத்து வேகவைத்து, மூன்று வேளையாகக் கால் கால் கிலோ. நாக்கு நக்க ஒரு உப்புக் கட்டி. புதிய ஏற்பாட்டுக்கு ஒரே நாளில் மாறாமல் பத்து நாளில் படிப்படியாக மாற வேண்டும். பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிர்களுக்குப் பழக நேரம் வேண்டும்.

தண்ணீர் எப்போதும் கண்ணெதிரே இருக்க வேண்டும். சும்மா நிற்கும் நாளிலேயே இந்த அளவுக் குதிரை ஒரு குடம் தண்ணீர் குடித்துவிடும். வெயிலில் வேலை செய்தால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு கேட்கும்.

கல்யாண வீட்டுக்குப் போகும் குதிரைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பந்தியில் மிஞ்சியதை அன்போடு கொண்டுவந்து வைப்பார்கள். வடித்த சோறு, பிரியாணி, இனிப்பு. இவை கூட்டமாகப் பெருங்குடலுக்குப் போனால் புளித்து, வாயு கட்டி, வயிற்று வலி வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது போனதுதான். காலால் தரையைத் தோண்டுவது, திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்ப்பது, படுத்துப் புரள்வது, லத்தி போடாமல் இருப்பது என இதில் எது தெரிந்தாலும் தீனியை எடுத்துவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அந்த வயிற்று வலியில் பிழைத்தாலும் ஓரிரு நாளில் குளம்பு சூடாகி, உள்ளே அழற்சி வரலாம். வந்தால், குதிரை முன்னங்கால்களை முன்னால் நீட்டி, கனத்தைப் பின்னால் போட்டு நிற்கும். அதன்பின் அது பழையபடி ஓடுவது நிச்சயமில்லை. ஒரு தட்டு சோற்றின் விலை அது.

புண் ஏன் இடது பக்கம்?

இதுவரை திண்டு, வண்டி, தீனி. ஆனால், எனக்கு ஒன்று புரியவில்லை. முதுகெலும்பில் அழுத்தினால் புண் நடுவில்தானே வர வேண்டும், ஏன் இடது பக்கம் ஒதுங்கியிருக்கிறது?

மருத்துவர் சேணம் இல்லாமல் குதிரையைக் கெட்டித் தரையில் நடத்தச் சொல்லிப் பின்னால் நின்று பார்த்தார். கூர்ந்து கவனித்தால்தான் தெரிந்தது. பின் இடது காலை வைக்கும்போது இடுப்பின் ஏற்ற இறக்கம் வலது பக்கத்தோடு ஒத்துப்போகவில்லை. நொண்டுகிறது என்று சொல்லும் அளவுக்கு இல்லை. ஆனால், பின்னங்காலில் இந்தச் சின்ன வலி இருந்தாலே முதுகு ஒரு பக்கம் அசைந்து, சேணம் மெல்ல மெல்லச் சரியும். பெரும்பாலும் வலிக்கும் காலின் பக்கமே சரியும்.

காலைத் தூக்கிப் பார்த்தோம். குளம்பின் அடியில் நடுவே ஒரு முக்கோணச் சதை இருக்கும், ரப்பர் மாதிரி. அதன் இரு பக்கமும் பள்ளம். அந்தப் பள்ளத்தில் சாணியும் செம்மண்ணும் கெட்டியாக அடைந்திருந்தன. கொக்கியால் நோண்டியதும் கறுப்பாக ஒரு கசிவும் அழுகிய நாற்றமும் வந்தன. ஈரத் தரையிலேயே நிற்கும் குதிரைக்கு வரும் குளம்பு அழுகல் இது. நாற்றத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம், தவறவே தவறாது.

இதற்கு வைத்தியம் பெரிதல்ல. தினமும் ஒரு தடவை, வண்டி பூட்டும் நாளில் முன்னும் பின்னும், நான்கு குளம்பையும் தூக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். கொக்கியைக் குதிகாலிலிருந்து முன்பக்கமாக இழுக்க வேண்டும், எதிர்த்திசையில் இழுத்தால் மென்சதையில் குத்தும். கழுவி, துடைத்து, காயவிட வேண்டும். லாயத்துத் தரை காய்ந்திருக்க வேண்டும். அழுகிய பகுதியைச் சீவுவதும் மருந்து வைப்பதும் மருத்துவர் கை வேலை.

கூடவே லாடத்தையும் பார்த்தார். குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி மறுபடி அடிக்க வேண்டும். லாடம் தேயவில்லை என்பதற்காக விட்டுவைக்கக் கூடாது, ஏனென்றால் லாடம் தேயாவிட்டாலும் குளம்பு வளர்ந்துகொண்டேதான் இருக்கும். பக்கவாட்டில் நின்று பார்த்தால், கணுக்காலுக்குக் கீழே இறங்கும் சாய்வும் குளம்பின் முன்பக்கச் சாய்வும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். தம்பிக்கு அந்தக் கோடு குளம்பில் வந்து முன்னால் மடங்கியது. கடைசியாக லாடம் அடித்தது பொங்கலுக்கு என்றார் வீட்டுக்காரர். ஐந்து மாதம்! இப்போதெல்லாம் லாடம் அடிப்பவர் ஊருக்குள் வருவதில்லை, சொல்லியனுப்பிக் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பதும் அவர் சொன்ன உண்மை.

ஆக, முதுகில் இருந்த ஒரு புண்ணுக்குப் பின்னால் நான்கு காரணங்கள் வரிசையாக நின்றன. பஞ்சு செத்த திண்டு, முன்னால் நகர்ந்த பலகை, புல் குறைந்த தீனி, அழுகிய குளம்பு. ஒரு மாதமாகத் தடவிய களிம்பு இவற்றில் எதையும் தொடவில்லை.

புண்ணை என்ன செய்வது?

கடைசியில் புண்ணுக்கு வந்தோம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு கலந்து, அதை ஊற்றிக் கழுவினார் மருத்துவர். தினம் இரண்டு தடவை இப்படிக் கழுவினால் போதும். ஈ மொய்க்காமல் இருக்கப் புண்ணைச் சுற்றியுள்ள முடியில் வேப்பெண்ணெய் தடவலாம், புண்ணுக்குள் அல்ல. சுண்ணாம்பு, புகையிலை, மண்ணெண்ணெய், வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயில் எதுவும் கூடாது. இவை புதிதாக வளரும் தோலையும் சேர்த்துச் சுட்டுவிடும். புழு வைத்தாலோ, சீழ் கோத்தாலோ, சுற்றிலும் வீங்கிச் சூடாக இருந்தாலோ கைவைத்தியம் வேண்டாம். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கு ஏற்பாடு செய்யலாம்.

டெட்டனஸ் ஊசியும் போட்டார். வீட்டு விலங்குகளில் டெட்டனஸ் கிருமிக்கு மிக எளிதாகப் பலியாவது குதிரைதான். குளம்பில் ஆணி ஏறினாலோ, முதுகில் திறந்த புண் இருந்தாலோ இந்த ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

பலரும் செய்யும் ஒரு தவறையும் சொன்னார். புண் இருக்கும் இடத்தில் துணியை மடித்து வைத்து, அதன்மேல் சேணத்தைப் போட்டு வேலை வாங்குவது. துணி கூடினால் அந்த இடத்தில் அழுத்தம்தான் கூடும். நடுவில் ஓட்டை விட்டு வளையம் மாதிரி வைத்தாலும் அழுத்தம் வளையத்தின் ஓரத்துக்கு மாறி, புண்ணைச் சுற்றி இன்னொரு புண் வரும். புண் மூடி, அதன்மேல் முடி முளைக்கும்வரை அந்த இடத்தில் எதுவும் படக் கூடாது. வேறு வழியே இல்லை.

இந்த இடத்தில்தான் வீட்டுக்காரர் அமைதியானார். ஆடிக்கு முன் நான்கு அழைப்புகள் ஒத்துக்கொண்டிருந்தார். ஒன்றுக்கு 3,000 ரூபாய். அதில் இரண்டுக்கு முன்பணம் வாங்கி, பேத்திக்குப் பள்ளிக்கூடக் கட்டணமும் கட்டியாகிவிட்டது.

மருத்துவர் சட்டத்தைக் காட்டி மிரட்டவில்லை. ஆனால், அப்படி ஒன்று இருக்கிறது என்பதைச் சொன்னார். இழுவை, சுமை விலங்குகளுக்கென 1965-லேயே மத்திய அரசு விதிகள் போட்டிருக்கிறது. ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடைவெளி இல்லாமல் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெயில் 37 டிகிரியைத் தாண்டும் ஊரில் பகல் 12 மணியிலிருந்து 3 மணிவரை பூட்டவே கூடாது. முள்ளோ கூர்முனையோ உள்ள கடிவாளமும் சேணமும் கூடாது. கழுதை முதுகில் 50 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது.

கழுதை வைத்திருப்பவர்களுக்கு

கழுதை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க மூன்று லட்சத்துக்கும் மேல் இருந்த கழுதைகள், 2019-ல் ஒன்றேகால் லட்சத்துக்கும் கீழே போய்விட்டன. இருப்பவற்றையாவது சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். கழுதை சின்னக் குதிரை அல்ல. அதற்குத் தீனி குறைவாகவே போதும், கொள்ளும் தானியமும் கூடினால் கழுத்திலும் முதுகிலும் கொழுப்பு கட்டும். குளம்பு குதிரையைவிடச் செங்குத்தாக இருக்கும், அதைக் குதிரைக் குளம்பு மாதிரி சாய்த்துச் சீவிவிடக் கூடாது. ஈரத்தையும் அதிகம் உறிஞ்சும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, கழுதை வலியை வெளியில் காட்டாது. குதிரை புரண்டு ஆர்ப்பாட்டம் செய்யும் வலியில், கழுதை தலையைத் தொங்கப்போட்டு ஓரமாக நிற்கும், அவ்வளவுதான். 'இன்னைக்கு என்னமோ சாப்பிடலை' என்று விட்டுவிடுவோம். ஆனால், கழுதை ஒரு முழு நாள் தீனி எடுக்காவிட்டால் உடம்புக் கொழுப்பு கரைந்து ரத்தத்தில் பெருகி, ஈரலைப் பாதித்து உயிருக்கே ஆபத்தாகலாம். கழுதை சாப்பிடவில்லை என்பதே மருத்துவரைக் கூப்பிடப் போதுமான காரணம். சுமை ஏற்றும் கழுதைக்கும் அதே வெளிச்சச் சோதனைதான். முதுகெலும்பின்மேல் நேராக மூட்டை உட்காரக் கூடாது. இரு பக்கமும் தடித்த மெத்தை வைத்து, நடுவில் பள்ளம் விட்டு, இரு பக்கமும் ஒரே கனமாகக் கட்ட வேண்டும்.

ஐந்து வாரம் கழித்து

ஆடி பிறந்த வாரம் மறுபடி போயிருந்தேன். நான்கு அழைப்புகளில் மூன்றை அவர் விட்டுக்கொடுத்துவிட்டார். முன்பணம் வாங்கிய ஒன்றுக்கு மட்டும் வேறொரு வண்டிக்காரரை அனுப்பிவைத்து, கூலியைப் பகிர்ந்துகொண்டாராம். இன்னொரு முன்பணத்தை இரண்டு தவணையில் திருப்பித் தர வேண்டியிருக்கிறது. "கஷ்டந்தான் தம்பி. ஆனா குதிரை போயிருச்சுன்னா அடுத்த தைக்கு எதை வச்சு அழைப்புக்குப் போறது?" என்றார்.

திண்டைப் பிரித்து, பழைய பஞ்சை எறிந்துவிட்டு, புது இலவம்பஞ்சு அடைத்துத் தைத்து வாங்கியிருந்தார். பூட்டிக் காட்டியபோது பின்னால் குனிந்து பார்த்தேன். எதிரே இருந்த வேப்பமரம் பள்ளத்தின் வழியே தெரிந்தது. நாடாவைப் போட்டு அளந்தோம், மார்புச் சுற்றளவு 144. கணக்குப்படி ஏறக்குறைய 12 கிலோ கூடியிருக்கிறது. புண் மூடிவிட்டது. இப்போது அந்த இடத்தில் முடி முளைக்கத் தொடங்கியிருக்கிறது. தம்பி செம்பட்டை நிறம். ஆனால், அந்த வட்டத்தில் வரும் முடி மட்டும் வெள்ளை. ஆழமாகப் புண்ணான இடத்தில் நிறம் பெரும்பாலும் திரும்புவதில்லை. குதிரை வாங்கப் போகிறவர்கள் முதுகிலும் மார்பிலும் இப்படி வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று பார்ப்பது இதனால்தான்.

கிளம்பும்போது வீட்டுக்காரர் வண்டியை அவிழ்த்துவிட்டு, ஒவ்வொரு பட்டை இருந்த இடத்திலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். எங்காவது சூடாக இருக்கிறதா, முடி எதிராகச் சுருண்டிருக்கிறதா, தொட்டால் தோல் துடிக்கிறதா என்று. புண் வெடிப்பதற்கு முன்பே இந்த மூன்றில் ஒன்று கைக்குத் தெரிந்துவிடுமாம். முழுக்கப் பார்த்து முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"என்னடா தம்பி, வலிக்குதா?" என்றார்.

இந்தத் தடவை நான் திரும்பிப் பார்க்கவில்லை.